அப்பாஸ் கட்டிங்கும் கோணல் டி-சர்ட்டும்: ஒரு பழைய போட்டோவை அளந்து பார்த்த கதை

போன வாரம் தங்கச்சி எங்க குடும்ப வாட்ஸப் குழுவில் ரெண்டு போட்டோவைப் போட்டாள். வீட்டில் பீரோவை ஒதுங்க வைக்கும்போது கிடைத்த பழைய ஆல்பத்தில் இருந்தவை. ரெண்டிலும் நான்தான். பதினஞ்சு வயசு. முதல் போட்டோ 1996 தீபாவளி அன்று காலையில் வாசலில் எடுத்தது. இரண்டாவது 1997 பொங்கலன்று அதே வாசலில், அதே உடுப்பில் எடுத்தது. மாமா வாங்கி வந்திருந்த கேமரா மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி அச்சடிக்கும் வகை என்பதால் தேதியில் குழப்பம் இல்லை.

குழுவில் சிரிப்பு அடங்க ரெண்டு நாள் ஆச்சு. முடி நடு உச்சி எடுத்து ரெண்டு பக்கமும் காளான் மாதிரி புடைத்து நிற்கிறது. பேகி பேன்ட் முன்னால் நாலு மடிப்போடு, எனக்குள் இன்னொருத்தர் நுழையலாம் என்கிற அளவுக்கு. மேலே மெரூன் கலரில் ஒரு டி-சர்ட். அந்த டி-சர்ட்டைப் பார்த்துத்தான் என் சித்தப்பா எழுதினார்: "அண்ணி தச்ச அந்தக் கோணச் சட்டைதானே இது?"

சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. அம்மா மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

எனக்கு அந்த இடத்தில்தான் சிரிப்பு நின்றது. அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் ஓவர்லாக் டெய்லராக இருந்தவர். அவர் தைத்த சட்டை கோணலாகப் போனது எங்கள் வீட்டில் நிரந்தரமான ஒரு கேலி. அதற்கப்புறம் அவர் எங்களுக்கு எதுவும் தைக்கவில்லை. காதர்பேட்டையில் வாங்கிக் கொடுத்துவிடுவார். நானும் அந்தக் கேலியில் சேர்ந்தவன்தான். ஆனால் இப்போது எனக்குத் தொழில் துணியைச் சோதிப்பது. பன்னிரண்டு வருஷமாக லேபில் பின்னல் துணிகளின் சுருக்கத்தையும் சாய்வையும் அளந்துகொண்டிருக்கிறேன். ரெண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது, இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேலாக நாங்கள் தப்பான ஆளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் முடி

1996-இல் 'காதல் தேசம்' வந்தது. அப்பாஸ் முடியைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் பாதிப் பையன்கள் அதே மாதிரி வெட்டிக்கொண்டார்கள். எனக்குச் சுருட்டை முடி. சலூன் அண்ணன் தண்ணி அடித்து, சீப்பால் இழுத்து நேராக்கி, காது மறையும் உயரத்தில் வெட்டினார். கண்ணாடியில் நான் ஏறத்தாழ அப்பாஸ். வீட்டுக்கு நடந்து வருவதற்குள் முடி காய்ந்து ரெண்டு அங்குலம் மேலே ஏறி, காளான் ஆகிவிட்டது.

இதில் அண்ணன் மேல் தப்பில்லை. முடிக்குள் இருக்கும் புரதச் சங்கிலிகளுக்கு நடுவில் வலுக்குறைந்த பிணைப்புகள் நிறைய உண்டு. தண்ணீர் பட்டால் அவை விட்டுப்போகும். அதனால் ஈரத்தில் முடி இழுத்த இழுப்புக்கு நீளும். காயும்போது பிணைப்புகள் மறுபடி சேரும். முடி தன் பழைய சுருளுக்குத் திரும்பும். இழுத்துப் பிடித்த நிலையில் அளந்து வெட்டியதால், விட்டதும் அளவு மாறிப்போனது.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டி-சர்ட்டின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். என்ன, முடி காயும்போது காட்டியதைத் துணி நனையும்போது காட்டியது.

போட்டோவில் என்ன தெரிகிறது

தீபாவளிப் போட்டோவில் டி-சர்ட் புதுசு. மஞ்சள் காலரில் மஞ்சள் வைத்த கறைகூடத் தெரிகிறது. பக்கத் தையல் அக்குளில் இருந்து நேராகக் கீழே இறங்கி, அடிமடிப்பில் இடுப்பின் பக்கவாட்டிலேயே முடிகிறது. எந்தக் கோணலும் இல்லை.

பொங்கல் போட்டோ ரெண்டு மாசம் கழித்து. நடுவில் ஏழெட்டுத் தடவை துவைத்திருப்போம். இதில் ஒரு பக்கத் தையல் அக்குளில் சரியான இடத்தில் ஆரம்பித்து, கீழே வர வர முன்பக்கம் நகர்ந்து, அடிமடிப்பில் கிட்டத்தட்ட வயிற்றுப் பக்கம் வந்து நிற்கிறது. அடுத்த பக்கத் தையல் கண்ணுக்கே தெரியவில்லை. அது பின்பக்கம் போய்விட்டது.

இங்கேதான் துப்பு இருக்கிறது. தைத்தவர் தப்புச் செய்திருந்தால் மூன்று விஷயங்கள் நடந்திருக்க வேண்டும். ஒன்று, போட்ட முதல் நாளே கோணல் தெரிந்திருக்கும். ரெண்டு, முன் துண்டும் பின் துண்டும் அகலம் வித்தியாசமாக வெட்டப்பட்டிருந்தால் ரெண்டு தையலும் சேர்ந்தே முன்னால் வரும், அல்லது சேர்ந்தே பின்னால் போகும். மூன்று, ஒரு துண்டை இழுத்தும் இன்னொன்றை விட்டும் தைத்திருந்தால் தையல் ஓரம் சுருங்கி நெளிந்து, அடிமடிப்பும் ஏற்ற இறக்கமாக இருக்கும்.

என் போட்டோவில் இந்த மூன்றும் இல்லை. முதல் நாள் நேராக இருந்தது. துவைத்தபின் ஒரு தையல் முன்னால் வந்தது, இன்னொன்று பின்னால் போனது. அடிமடிப்பு சமமாக இருக்கிறது. அதாவது தோள் அப்படியே நிற்க, சட்டையின் கீழ்ப்பாகம் ஈரத்துணியைப் பிழிவது போல ஒரே பக்கமாகச் சுற்றியிருக்கிறது. இதற்குத் தொழிலில் ஸ்பைராலிட்டி என்று பெயர். கம்பெனிகளில் "பாடி ட்விஸ்ட் ஆகுது" என்பார்கள்.

துணி ஏன் சுற்றுகிறது

ஒரு சின்னச் சோதனை. நல்ல முறுக்குள்ள ஒற்றை நூலை ஒரு முழம் எடுத்து ரெண்டு முனையையும் இழுத்துப் பிடியுங்கள். நேராக நிற்கும். இப்போது ரெண்டு முனையையும் மெல்லப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். நூல் தானாகவே ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பஞ்சு இழைகளை முறுக்கித்தான் நூலாக்குகிறோம். அந்த இழைகள் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கின்றன. நூலுக்குள் எப்போதும் ஒரு திருகு விசை அடைபட்டே இருக்கிறது.

நெய்த துணியில் இது பெரிய பிரச்சினை இல்லை. பாவும் ஊடும் ஒன்றையொன்று குறுக்கே அமுக்கிப் பிடித்திருப்பதால் நூல் திரும்ப இடமில்லை. பனியன் துணி அப்படியில்லை. அதில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. வளையத்தின் ரெண்டு காலும் கொஞ்சம் அசைய முடியும். நூல் திரும்பப் பார்க்கும்போது வளையம் ஒரு பக்கமாகச் சாயும். ஒரு சட்டையில் லட்சக்கணக்கான வளையங்கள். எல்லாம் ஒரே முறுக்குள்ள நூல் என்பதால் எல்லாம் ஒரே பக்கம் சாயும். ஒவ்வொன்றின் சாய்வும் கண்ணுக்குத் தெரியாது. வரிசையாகக் கூட்டினால் அடிமடிப்பில் மூன்று அங்குலம்.

இது சிங்கிள் ஜெர்சி துணியில்தான் அதிகம். ரிப், இன்டர்லாக் துணிகளில் முன்முகத்தில் இருக்கும் வளையங்களும் பின்முகத்தில் இருப்பவையும் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று சமன் செய்துவிடும். டி-சர்ட்டின் உடம்பு சுற்றினாலும் கழுத்துப் பட்டை சுற்றுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது ரிப்.

ரெண்டாவது காரணம் மிஷின். வட்டப் பின்னல் மிஷினில் ஒரு நூல் மட்டும் ஓடுவதில்லை. 24 அங்குல விட்டமுள்ள மிஷினில் 72 ஃபீடர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிஷின் ஒரு சுற்றுச் சுற்றினால் 72 வரிசை பின்னப்படும். ஆகவே ஒரு வரிசை துணியைச் சுற்றிவந்து, கிளம்பிய இடத்தில் சேராது. 72 வரிசை தள்ளிச் சேரும். சுருள் கம்பி போல. அங்குலத்துக்கு 40 வரிசை என்றால் 72-ஐ 40-ஆல் வகுக்க, 1.8 அங்குலம். அந்தத் துணியின் சுற்றளவு தளர்ந்த நிலையில் 56 அங்குலம் இருந்தால், இந்தச் சாய்வு சுமார் 3 சதவீதம். இது நூலின் சாய்வோடு சேரலாம், அதைக் குறைக்கவும் செய்யலாம். முறுக்கின் திசையையும் மிஷின் சுற்றும் திசையையும் பொறுத்தது.

பழைய பனியனில் ஏன் யாரும் கவனிக்கவில்லை

திருப்பூரில் தலைமுறையாகப் பின்னிய கை வைத்த பனியனும் இதே சிங்கிள் ஜெர்சிதான். அதுவும் சுற்றியிருக்கும். ஆனால் அந்தப் பனியனுக்குப் பக்கத் தையலே கிடையாது. மார்பளவுக்குத் தகுந்த விட்டமுள்ள மிஷினில் குழாயாகப் பின்னி, அப்படியே வெட்டிக் கழுத்தும் கையும் வைத்துத் தைப்பார்கள். குழாய் கொஞ்சம் திரும்பினால் யாருக்குத் தெரியும்? குறித்துக்காட்ட ஒரு கோடு இல்லையே.

டி-சர்ட்டில் பக்கத் தையல் வந்தபோதுதான் துணி பண்ணும் வேலைக்குச் சாட்சி கிடைத்தது. அந்தச் சாட்சியைப் போட்டது டெய்லர் என்பதால் பழியும் டெய்லர் மேல் விழுந்தது.

தைக்கும்போது ஏன் தெரியவில்லை

தங்கச்சிக்கும் எனக்குமாகச் சேர்த்து அம்மா அரைக் கிலோ துணி வாங்கினார். பனியன் துணியைக் கிலோ கணக்கில்தான் விற்பார்கள். ஏதோ ஆர்டரில் மிஞ்சிய துணி. அப்பாவின் பழைய டி-சர்ட்டைப் பிரித்து அளவு வைத்து வெட்டி, ஷிப்ட் முடிந்தபின் கம்பெனியிலேயே சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு தைத்துக் கொண்டுவந்தார்.

அந்த நாளில் திருப்பூரில் பெரும்பாலும் குழாய்த் துணியாகவே சாயத்தொட்டியில் போட்டு எடுத்து, பிழிந்து, காய வைத்து, ஸ்டீம் கேலண்டர் பண்ணுவார்கள். கேலண்டரில் துணிக்கு உள்ளே ஒரு சட்டத்தை விட்டு அகலமாக இழுத்து, ஆவி காட்டி, உருளையில் அமுக்கி எடுப்பார்கள். பார்க்க நேராக, வழுவழுவென்று இருக்கும். வளையங்கள் நிமிர்ந்து நிற்கும். ஆனால் அது சலூனில் ஈரமாக இழுத்துச் சீவிய முடி மாதிரிதான். நூலுக்குள் இருக்கும் திருகு எங்கேயும் போகவில்லை.

அந்த நிமிர்ந்த துணியில் அம்மா நேராக வெட்டி நேராகத் தைத்தார். வீட்டில் முதல் தடவை வாளியில் ஊறியபோது பருத்தி வீங்கி, நூல் இளகி, வளையங்கள் தங்களுக்குப் பிடித்த பக்கம் சாய்ந்தன. அவற்றோடு சேர்ந்து தையலும் போனது. பெரும்பகுதி முதல் துவைப்பிலேயே வரும். மிச்சம் அடுத்த மூன்று நாலு துவைப்பில் வரும்.

எவ்வளவு சுற்றியது

லேபில் அளப்பது ரொம்ப எளிது. துவைத்துக் காயவைத்த சட்டையை மேசையில் விரித்து, தோள் இரண்டும் சமமாக இருக்கும்படி வைத்து, கையால் நீவாமல் தானாக விழவிட வேண்டும். அக்குள் தையலில் இருந்து அடிமடிப்பு வரை நீளத்தை அளக்க வேண்டும். பிறகு அடிமடிப்பில் தையல் பக்க ஓரத்தைவிட்டு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். நகர்ந்ததை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம்.

சட்டை இப்போது இல்லை. போட்டோவில் அளந்தேன். மேக்ஸி சைஸ் பிரிண்ட். அக்குளில் இருந்து அடிமடிப்பு வரை 34 மில்லிமீட்டர். தையல் முன்பக்கம் நகர்ந்தது 5 மில்லிமீட்டர். வகுத்தால் சுமார் 15 சதவீதம். உண்மையான சட்டையில் அந்த நீளம் 18 அங்குலம் என்று எடுத்தால், தையல் ரெண்டரை அங்குலத்துக்கும் மேல் நகர்ந்திருக்கிறது.

போட்டோவில் அளப்பதற்கு ஒரு வரம்பு உண்டு. உடம்பு உருண்டை. பக்கவாட்டில் ஆரம்பிக்கும் நகர்வு முன்னால் இருந்து பார்க்கும்போது குறுகித்தான் தெரியும். ஆகவே 15 என்பது குறைந்தபட்சம். நிஜத்தில் கூடத்தான் இருந்திருக்கும். நான் கொஞ்சம் திரும்பி நின்றிருந்தால்? அப்போது அக்குளிலும் தையல் நகர்ந்து தெரிய வேண்டும். அங்கே அது சரியான இடத்தில் இருக்கிறது. மேலே பூஜ்யம், கீழே போகப் போகக் கூடுதல்: இது திரும்பி நின்றதன் அடையாளம் இல்லை, துணி சுற்றியதன் அடையாளம்.

பல பையர்கள் இப்போது 5 சதவீதத்துக்குள் கேட்கிறார்கள். 15 வந்தால் லாட் அப்படியே திரும்பும். நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடமாட்டேன். 3 சதவீதம் மிஷின் கணக்கு என்று கழித்தாலும், மிச்சமுள்ளது நூலும் ஃபினிஷிங்கும் பண்ணிய வேலை. துணியாக இருக்கும்போதே உள்ளே இருந்த கோளாறு இது. கத்தரிக்கோல் படுவதற்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம்.

தடுத்திருக்க முடியுமா

நூற்பாலையில் என்றால், பின்னல் நூலுக்கு முறுக்கைக் குறைத்து ஓட்டலாம். ஆனால் ரொம்பக் குறைத்தால் நூல் பின்னும்போது அறும். முறுக்கிய நூலை ஆவியில் வைத்துக் கொஞ்சம் அடக்கலாம். ரெண்டு ஒற்றை நூலை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கினால் திருகு சமனாகிவிடும், விலை கூடும். பின்னும் இடத்தில் வளையத்தைச் சின்னதாக, நெருக்கமாக வைத்தால் சாய இடம் குறையும், துணி கனக்கும். ஃபினிஷிங்கில் இழுத்து நீட்டாமல் தளரவிட்டு, காம்பாக்டிங் பண்ணி அனுப்பலாம். எல்லாமே கொஞ்சம் குறைக்கும். முழுசாக நிறுத்துவது ஒற்றை நூல் பருத்தி சிங்கிள் ஜெர்சியில் கஷ்டம்.

வீட்டில் தைப்பவர்களுக்கு ஒரே வழிதான். வெட்டுவதற்கு முன்னால் துணியை நனைத்து, நிழலில் தொங்கவிடாமல் விரித்துக் காயப்போட்டு, ரெண்டு மூன்று தடவை அப்படிச் செய்தபின் வெட்ட வேண்டும். அப்போது வளையங்கள் சாய வேண்டிய அளவு சாய்ந்திருக்கும். வளைய வரிசை தையலுக்குச் சாய்வாகத் தெரியலாம். ஆனால் அதற்கப்புறம் தையல் நகராது.

இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். நீளமாகச் சொன்னேன். நூல், முறுக்கு, கேலண்டர், 15 சதவீதம் எல்லாம். ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"அப்ப நான் வெட்டுனது நேராத்தான் இருந்துச்சா சாமி?"

"நேராத்தாம்மா இருந்துச்சு. தீபாவளி போட்டோவைப் பாரு."

"நானும் அன்னிக்கு ராத்திரி முச்சூடும் அளந்து பாத்தேன் கண்ணு. எங்க விட்டேன்னே தெரியல. கம்பெனியில ஒரு நாளைக்கு அத்தன பீஸு ஓட்டறவ, எம் பையனுக்கு ஒண்ணு சரியாத் தைக்கலயேன்னு..." என்று நிறுத்தினார். பிறகு, "உம் முடிக்கு என்னாச்சுன்னும் கண்டுபிடிச்சியா? அது நான் பண்ணுனது இல்ல" என்று சிரித்தார்.

சாயங்காலம் அம்மா முதல் தடவையாகக் குழுவில் எழுதினார். ரெண்டு போட்டோவையும் சேர்த்துப் போட்டு, கீழே ஒரே வரி: "துணி கோணல். தையல் நேர்." சித்தப்பா கை கூப்பிய பொம்மை அனுப்பினார். காளான் முடிக்கு மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன்.